எழுத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்: ஒரு ஓ.ஆர்.எஸ். போஸ்டரைச் சரிபார்ப்பது எப்படி?

அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுவதற்கான போஸ்டர் ஒன்றின் வரைவு உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, ‘வயிற்றுப்போக்கைத் தடுப்போம், குழந்தைகளின் உயிரைக் காப்போம்’. மேலே வரிசையாக நாலைந்து சின்னங்கள். நடுவில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டர் ஒருவர் விரலை நீட்டி ஏதோ சொல்கிறார். அவரைச் சுற்றிப் பல்லை இளிக்கும் பச்சைக் கிருமிகள். கீழே எட்டு வரி அறிவுரை. ஓரத்தில் ஒரு டம்ளர், அதன் பக்கத்தில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். “சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்கிறார்கள்.

இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்திப்பிழை தேட ஆரம்பித்துவிடுவார்கள். அது கடைசி வேலை. முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத்து முழுவதையும் மறைத்துவிடுங்கள். மீதி இருக்கும் படத்தை மட்டும் பார்க்கும் ஒரு தாய், நாளைக் காலையில் பிள்ளைக்குப் பேதி பிடித்தால் என்ன செய்வார்? அந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்ல வேண்டும்.

எழுத்தை ஏன் மறைக்க வேண்டும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 73.4 சதவீதம். ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அதில் சேரவில்லை. சேர்ந்தவர்களிலும், பஸ் பெயர்ப்பலகையைப் படிப்பார்கள், எட்டு வரி அறிவுரையைப் படிக்கமாட்டார்கள் என்ற நிலையில் நிறையப் பேர் உண்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும்போது நன்றாகப் படித்தவர்களே அந்த எட்டு வரியைப் படிப்பதில்லை. ஆகவே படம் தனியாகவே வேலை செய்ய வேண்டும். எழுத்து அதற்குத் துணைக்கு வந்தால் போதும்.

ஒரே ஒரு செயல்

இப்போது தாளை எடுத்துவிட்டு, அந்த எட்டு வரியில் இருக்கும் வினைச்சொற்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். கைகளைக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுங்கள். உணவை மூடி வையுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எட்டுச் செயல்கள். ஒன்றுகூடத் தவறில்லை, அதுதான் சிக்கல். எல்லாம் சரியாக இருப்பதால் எதையும் வெட்ட யாருக்கும் மனம் வராது. ஒவ்வொன்றையும் ஒரு பிரிவு அதிகாரி சேர்த்திருப்பார்.

தலைப்பையும் பாருங்கள். ‘தடுப்போம், காப்போம்’ என்றால் யார், எதை, எப்படி? நம் ஊர் சுகாதாரப் போஸ்டர்களில் பாதிக்கு மேல் இப்படி ‘ஓம்’ என்று முடியும். மேடைக்கு அது நன்றாக இருக்கும். வீட்டில் பேதியோடு கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைக் கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

எட்டில் எதை வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய ஒரு நல்ல வழி, போஸ்டர் எங்கே தொங்கப்போகிறது என்று கேட்பது. இது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பும் இடம். பாக்கெட்டோடு வீட்டுக்குப் போகிறவர் அடுத்து செய்யப்போவது அதைக் கரைப்பது. கை கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதற்குச் சரியான இடம் குழாயடியும் கழிப்பறைக் கதவும். ஆக இந்தப் போஸ்டரின் ஒரே செய்தி: ‘பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள்.’

“கொடுப்பதைப் பற்றிச் சொல்லவில்லையே” என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாக்கெட்டை வாங்கிப் போகிறவர்கள் கரைத்ததை எப்படியும் கொடுப்பார்கள். தவறு நடப்பது கரைப்பதில். அந்தத் தவறு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் படத்தில் எதைப் பெரிதாகப் போட வேண்டும் என்று புரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு பாக்கெட்டின் எடை 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இது ஒரு லிட்டர் தண்ணீருக்கான கணக்கு. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே இழுக்கப்படுகின்றன, அவற்றோடு தண்ணீரும் போகிறது. அளவு சரியாக இருக்கும்வரைதான் இது நடக்கும்.

வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை சின்னது, ஒரு லிட்டரை அது எங்கே குடிக்கப்போகிறது என்று நினைத்துப் பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவார்கள். மீதிப் பாதியை மடித்து டப்பாவுக்குள் வைப்பார்கள். சிக்கனமான, பொறுப்பான செயல் மாதிரிதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தேகால் கிராம் 200 மில்லியில். அதாவது லிட்டருக்கு 51 கிராம், இருக்க வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு. இவ்வளவு கெட்டியான கரைசல் குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் தண்ணீரையே குடலுக்கு இழுக்கும், பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். மருந்து கொடுத்தும் பிள்ளை மோசமாகிறதே என்று வீட்டில் நினைப்பார்கள். மறுபக்கம், இரண்டு லிட்டரில் ஒரு பாக்கெட்டைக் கரைத்தால் இழந்த உப்பு திரும்பாது.

இப்போது நம் வரைவுக்கு வருவோம். ஒரு டம்ளர், அதன் பக்கத்தில் ஒரு பாக்கெட். எழுத்து தெரியாதவருக்கு அந்தப் படம் சொல்வது ஒன்றே ஒன்று: ‘இந்தப் பாக்கெட்டை இந்த டம்ளரில் போடு.’ முழுப் பாக்கெட்டையும் அப்படிப் போட்டால் ஐந்து மடங்கு. எட்டு வரியில் ஐந்தாவது வரி ‘ஒரு லிட்டர்’ என்று சொல்கிறது, படம் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. எழுத்தை மறைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் நாமும் இதைக் கவனித்திருக்கமாட்டோம், ஏனென்றால் நம் கண் ஏற்கெனவே ஐந்தாவது வரியைப் படித்துவிட்டிருக்கும்.

ஒரு லிட்டரை எப்படி வரைவது?

ஒரு லிட்டர் என்பதற்கு உருவம் கிடையாது. ஏதாவது ஒரு பாத்திரத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். முதலில் மனதுக்கு வருவது ஐந்து டம்ளர். 200 மில்லி வீதம் ஐந்து என்றால் கணக்குச் சரி. ஆனால் எவர்சில்வர் டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. காபி டம்ளரும் டம்ளர்தான், மோர் குடிக்கும் பெரிய டம்ளரும் டம்ளர்தான். ஐந்து காபி டம்ளர் சேர்ந்தாலும் ஒரு லிட்டர் வராது.

அடுத்து, தமிழ்நாட்டில் எல்லாருக்கும் கையளவில் தெரிந்த அளவு எது என்று யோசித்தால் அரை லிட்டர் பால் பாக்கெட் வரும். இரண்டு பாக்கெட் ஒரு லிட்டர். கேட்பதற்கு அருமையான யோசனை. ஆனால் அதைப் படமாக வரைந்தால், ஓ.ஆர்.எஸ். பவுடரைப் பாலில் கரைக்கச் சொல்கிறார்கள் என்று ஆகிவிடும். பாலிலோ ஜூஸிலோ கரைக்கவே கூடாது. படம் ஒப்பிடாது, இருப்பதைக் காட்டும். பால் பாக்கெட்டை வரைந்தால் பால்தான்.

மிஞ்சுவது கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். காலி பாட்டில் இல்லாத வீடு குறைவு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அரை லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களும் கிட்டத்தட்ட அதே உருவம். அதனால் பாட்டிலைத் தனியாக மிதக்கவிடாமல், ஒரு பெண் கையில் பிடித்திருப்பதாக, உடம்போடு ஒப்பிட்டு அளவு தெரியும்படி வரைய வேண்டும். பவுடரை நேரே பாட்டிலுக்குள் கொட்டுவதாகவும் காட்டாதீர்கள். குறுகிய வாயில் பாதி வெளியே சிந்தும். பாட்டில் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் முழுவதும் ஊற்றுவது, அதில் பாக்கெட் முழுவதையும் கொட்டுவது, கரண்டியால் கலக்குவது என்று மூன்று கட்டம் போதும்.

இரண்டாவது கட்டத்தில்தான் ஓவியரை உட்காரவைத்துப் பேச வேண்டும். ‘முழுவதும்’ என்பதை எப்படிக் காட்டுவது? பாக்கெட் வாய் முழுதாகத் திறந்து, தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும். பவுடர் மெல்லிய கோடாக விழுந்தால் ‘கொஞ்சம் போடு’ என்றுதான் அர்த்தமாகும். மொத்தமாக விழ வேண்டும். மூன்றாவது கட்டத்தில் அந்தப் பாக்கெட் தட்டையாக, காலியாகப் பக்கத்தில் கிடந்தால் இன்னும் நல்லது. ஊற்றிய பாட்டிலும் காலியாகவே கிடக்கட்டும். பாட்டிலின் அடியில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தால் அதைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் இருப்பார்கள்.

பாக்கெட்டையும் கற்பனையாக வரையக் கூடாது. அந்த மையத்தில் உண்மையில் கொடுக்கும் பாக்கெட்டின் நிறமும் அமைப்பும் அப்படியே வேண்டும். மருந்துக்கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதுபோக, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரோடு இனிப்புப் பானங்களும் அட்டைப் பெட்டியில் விற்றுவந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையோடு பொருந்தாதவை அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. படத்தில் பாக்கெட் தெளிவாக இல்லையென்றால் பார்ப்பவர் தனக்குத் தெரிந்த எதையோ அதன் இடத்தில் வைத்துக்கொள்வார்.

படிக்காத கண் படத்தை எப்படிப் பார்க்கிறது

படம் பார்ப்பதும் ஒரு பழக்கம்தான். பாடப்புத்தகம், காமிக்ஸ், செய்தித்தாள் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் தெரியாமலேயே வந்துவிடுகிறது. அது இல்லாதவருக்குச் சில விஷயங்கள் படத்தில் தெரிவதில்லை, அல்லது வேறு மாதிரி தெரிகின்றன.

பெருக்கல் குறியை எடுத்துக்கொள்வோம். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போடும் படத்தை வரைந்து அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் தடை என்று நமக்குப் புரியும். பழக்கமில்லாதவருக்கு அது இரண்டு சிவப்புக் கோடு. படத்தில் ஒரு பெண் செய்கிறாள், சுகாதாரத் துறை ஒட்டியிருக்கிறது, ஆகவே செய்ய வேண்டியது இது என்று எடுத்துக்கொள்வார். குறி புரிந்தவர்களுக்குக்கூட, சில நாள் கழித்து நினைவில் நிற்பது படம்தான், கோடு இல்லை. தவறான செயலை வரையாமல் இருப்பதே பாதுகாப்பு.

கிருமிக்கும் இதே கதி. லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம், லென்ஸை அறியாதவருக்கு ஒரு விசித்திரப் பூச்சியாகத்தான் தெரியும். இத்தனை பெரிய பூச்சி எங்கள் வீட்டில் இல்லையே என்று நிம்மதி அடைவார். இந்தப் போஸ்டரில் கிருமிக்கு வேலையே இல்லை. டாக்டருக்கும் இல்லை. அவர் கரைக்கப்போவதில்லையே.

கரைப்பது யார்? பல வீடுகளில் அம்மா வேலைக்குப் போயிருப்பார், பாட்டிதான் கலக்குவார். படத்தில் அவரையே போடலாம். அம்மாவைப் போட்டால் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் வேண்டாம். வீட்டில் நைட்டியில்தானே இருப்பார்கள், அப்படி வரையலாமே என்றால் கூட்டத்தில் யாராவது முகம் சுளிப்பார்கள். சாதாரண நூல்புடவை என்று சமாதானமாகிவிடலாம், இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

சண்டை போட வேண்டியது வேறொன்றுக்கு. மூன்று கட்டத்திலும் ஒரே ஆள், ஒரே நிறப் புடவை, ஒரே பாத்திரம் இருந்தே ஆக வேண்டும். ஓவியர் அழகுக்காக நிறத்தை மாற்றினால் மூன்று வேறு பெண்கள் மூன்று வேறு வேலை செய்வதாகத் தெரியும், தொடர்ச்சி அறுந்துவிடும். கட்டங்களை இடமிருந்து வலமாக அடுக்கினால் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வரிசை புரியும். மற்றவர்கள் எங்கிருந்தும் தொடங்கலாம். மேலிருந்து கீழாக அடுக்கினால் குழப்பம் குறைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 1, 2, 3 என்று பெரிதாகப் போடுங்கள். எழுத்து தெரியாத பலருக்கும் ரூபாய் நோட்டும் பஸ் நம்பரும் பழகியதால் எண் தெரியும்.

இன்னொன்று, வெட்டிய உறுப்புகள். இடத்தை மிச்சப்படுத்த ஒரு கையை மட்டும் மணிக்கட்டோடு வரைவார்கள். ‘கை தனியா கிடக்குதே’ என்று பார்ப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். முழு ஆளையும் காட்ட இடமில்லையென்றால், வளையலும் புடவை முந்தானையும் தெரிய, கை கட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வருவதாக இருக்கட்டும். பின்னணியில் அடுப்பு, ஜன்னல், தென்னைமரம் எதுவும் வேண்டாம். வெறும் வெளிர்நிறம் போதும்.

சிலவற்றைப் படமாக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதும் இந்த வேலையில் ஒரு பகுதி. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இதற்குச் சூரியன், நிலா, மறுபடி சூரியன் என்று போடுவார்கள். காலையும் இரவும் கொடு என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு முறை போன பின்பும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி என்ற அளவையும் அப்படித்தான். ‘ஒவ்வொரு முறை போன பின்பும்’ என்பதை நாசூக்காக வரைந்தால் புரியாது, புரியும்படி வரைந்தால் அனுமதி கிடைக்காது. இவற்றைப் பாக்கெட்டைக் கொடுக்கும் செவிலியரின் வாய்க்கு விட்டுவிடலாம். அவர் பார்த்துச் சொல்ல, போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கட்டும்.

மலத்தில் ரத்தம், குழிந்த கண், குடிக்கவே முடியாத சோர்வு ஆகிய ஆபத்து அறிகுறிகளை மட்டும் வாய்க்கு விட எனக்கு மனம் வராது. ஆனால் அதற்கு ‘உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போ’ என்ற ஒரே செயலோடு தனிப் போஸ்டர் வேண்டும். இதன் மூலையில் திணித்தால் இரண்டும் கெடும்.

பார்ப்பவரிடம் கேட்பது

நாம் எவ்வளவு யோசித்தாலும் அது படித்தவர் போடும் கணக்குதான். அச்சுக்கு முன் அந்த ஊர்த் தாய்மார்களிடமும் பாட்டிகளிடமும் காட்டியே ஆக வேண்டும். கறுப்பு வெள்ளை நகல் போதும். எழுத்தை மறைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். கும்பலாகக் காட்டினால் முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். செவிலியர் பக்கத்தில் நிற்கக் கூடாது, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் வரும்.

‘புரியுதாம்மா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘புரியுது’ என்றுதான் சொல்வார்கள், அது மரியாதை. ‘இதுல என்ன தெரியுது?’ என்று ஆரம்பிக்கலாம். அப்புறம் ‘இந்தம்மா என்ன பண்றாங்க?’, ‘இதைப் பார்த்தா நீங்க என்ன செய்வீங்க?’ என்று போகலாம். சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘டம்ளர்ல மருந்து கலக்குறாங்க’ என்பதை ‘ஓ.ஆர்.எஸ். கரைப்பது புரிந்தது’ என்று நீங்கள் எழுதிவிட்டால் சோதனையே வீண்.

இதைவிட ஒரு படி மேலே, செய்யச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு பாக்கெட்டும் குடம் தண்ணீரும் வெவ்வேறு அளவுப் பாத்திரங்களும் பாட்டில்களும் வைத்து, ‘படத்துல இருக்கிற மாதிரி செஞ்சு காட்டுங்க’ என்று சொல்லிவிட்டு, அவர் எடுத்த தண்ணீரை அளந்து பாருங்கள். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் வைத்துக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார்கள் என்பதை வைத்துத் தரப்படவில்லை. பின்னால் வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்து, அதை வைத்துத் தந்தார்கள். போஸ்டருக்கும் அதே அளவுகோல்தான்.

எத்தனை பேர் சரியாகச் சொன்னால் போதும்? பாதுகாப்புக் குறியீடுகளுக்கான அமெரிக்க ஆன்சி தரத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 85 சதவீதம் பேருக்குப் புரிய வேண்டும் என்பதோடு, ஆபத்தில் கொண்டுவிடும்படி தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அது தனியாகச் சொல்கிறது. புரியாமல் போவது வேறு, தப்பாகப் புரிவது வேறு. பத்துப் பேரில் இரண்டு பேர் ‘ஏதோ சமையல் செய்றாங்க’ என்றால் படத்தைச் சீர்செய்யலாம், அவசரமில்லை. ஒரே ஒருவர் ‘கொஞ்சம் பவுடரை டம்ளர்ல போடணும்’ என்று சொன்னாலும் அந்தக் கட்டத்தை மறுபடி வரைந்து, புதிதாக வேறு ஆட்களிடம் காட்ட வேண்டும். முதலில் பார்த்தவர்களிடமே திரும்பப் போனால் அவர்களுக்கு விடை தெரிந்திருக்கும்.

இத்தனையும் முடிந்த பிறகு நம் வரைவில் மிச்சமிருப்பது மூன்று கட்டம், ஒரு பாட்டி, ஒரு பாட்டில், ஒரு பாத்திரம், ஒரு பாக்கெட், மேலே ஒரு வரி, அடியில் செவிலியருக்கான இரண்டு வரி. சின்னங்கள் கீழ் ஓரத்தில், விரல்நக அளவில். இனி சந்திப்பிழை பார்க்கலாம். ஒட்டும்போது பாக்கெட் வைத்திருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்தாலும் தெரியும் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அங்கே டம்ளரும் பாக்கெட்டுமாகப் பழைய போஸ்டர் ஏதாவது இருந்தால் கிழித்துவிட்டு ஒட்ட வேண்டும். அடுத்த கொள்முதலில் பாக்கெட்டின் நிறமோ அளவோ மாறினால் இரண்டாவது கட்டத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ஓவியரிடம் மூலக்கோப்பை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.